ஸ்கூபா: ஆழத்தின் மீட்டரை மொத்த அழுத்தத்தின் பாராக மாற்றுவது எப்படி? பெங்களூருவில் இருந்து கணக்குப் போடுவோருக்கான முழு வழிகாட்டி

ஸ்கூபா வகுப்பில் முதல் நாளே சொல்லித் தரும் கணக்கு ஒன்று உண்டு. ஆழத்தைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் மொத்த அழுத்தம் பாரில் வந்துவிடும். 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். புதுச்சேரிக் கடலிலும் அந்தமானிலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

பெங்களூருவில் இருக்கும் நீச்சல் குளத்தில் அது சரியாக வராது. அங்கே கூட்ட வேண்டிய எண் ஒன்று அல்ல. பெங்களூருத் தமிழர்களில் பலர் வார நாட்களில் நகரத்துக் குளத்தில் பயிற்சி எடுத்துவிட்டு, வார இறுதியில் புதுச்சேரிக்கோ முருடேஸ்வரம் பக்கத்து நேத்ராணித் தீவுக்கோ போய்க் கடலில் இறங்குகிறார்கள். குளத்தில் எடுத்த அளவை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகும்போது பிழையும் கூடவே போகிறது. ஆகவே அந்த “ஒன்று” எங்கிருந்து வருகிறது, எப்போது மாறுகிறது என்பதில் இருந்து தொடங்கலாம்.

மொத்த அழுத்தத்தின் இரண்டு பங்குகள்

தண்ணீருக்குள் இருப்பவர் மேல் இரண்டு எடைகள் அழுத்துகின்றன. ஒன்று, தலைக்கு மேல் இருக்கும் தண்ணீரின் எடை. மற்றொன்று, அந்தத் தண்ணீரின் மேல் நிற்கும் காற்றின் எடை. காற்றின் அழுத்தம் தண்ணீர் வழியாகக் குறையாமல் கீழே வந்து சேர்கிறது. எத்தனை ஆழம் போனாலும் அந்தப் பங்கு மாறாது. ஆழத்தோடு ஏறுவது தண்ணீரின் பங்கு மட்டுமே.

```
மொத்த அழுத்தம் (பார்) = காற்றின் பங்கு + (ஆழம் மீட்டரில் × தண்ணீர் எண்)
```

“பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டு” என்பதும் இதே சூத்திரம்தான். அதில் காற்றின் பங்கு 1 பார் என்றும் தண்ணீர் எண் 0.1 என்றும் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். கடலுக்கு இரண்டும் பொருந்தும். வேறு இடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆழம் இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கும் என்று நினைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 10 மீட்டரில் 2 பார் என்பதால் 20 மீட்டரில் 4 பார் என்று எழுதிவிடுவார்கள். இரட்டிப்பது தண்ணீரின் பங்கு மட்டுமே; காற்றின் பங்கு அப்படியே நிற்கிறது. எனவே 20 மீட்டரில் 3 பார்தான். 4 பார் வேண்டுமென்றால் 30 மீட்டர் போக வேண்டும்.

ஆழம் என்றால் மேற்பரப்பில் இருந்து செங்குத்தாக அளந்த ஆழம். நங்கூரக் கயிறு சாய்வாகப் போகும் இடத்தில் கயிற்றின் நீளத்தை ஆழமாக எடுத்துக்கொண்டால் விடை கூடிவிடும்.

முதல் படி: காற்றின் பங்கைக் கண்டுபிடிப்பது

கடல் மட்டத்தில் காற்றழுத்தத்தின் நியம அளவு 1.01325 பார். நம் வேலைக்கு 1.01 போதும். மும்பையில் கணக்குப் போட்டால் இந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். டெல்லி கடல் மட்டத்தில் இருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கே சுமார் 0.99. பெங்களூரு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. அழுத்தம் சுமார் 0.91 பார்.

இந்த 0.91 மனக்கணக்கிலேயே வரும். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் வரை, நம் ஊர் வெப்பநிலையில், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றழுத்தம் சுமார் 0.011 பார் குறையும். 920 மீட்டருக்கு 9.2 × 0.011 = 0.101. அதை 1.013-இல் கழித்தால் 0.912. அதற்கு மேலே போகப் போக இறக்கம் மெதுவாகும் என்பதால், உதகை போன்ற உயரத்துக்கு இந்தக் குறுக்கு வழி பொருந்தாது.

கணக்குப் போடுவதைவிட அளந்துவிடுவது நல்லது. காற்றழுத்த உணரி உள்ள கைபேசிகள் உண்டு. அந்த உணரியின் அளவை நேராகக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, குளக்கரையில் நின்று பார்த்தால் 910-ஐ ஒட்டிய எண் ஹெக்டோபாஸ்கலில் தெரியும். ஆயிரத்தால் வகுத்தால் பார்.

வானிலைச் செயலியைப் பார்ப்பவர்கள்தான் இந்தப் படியில் ஏமாறுகிறார்கள். பெங்களூருவுக்கான வானிலைப் பக்கத்தில் காற்றழுத்தம் 1012, 1014 என்று போட்டிருக்கும். அது பெங்களூருவில் நிலவும் அழுத்தம் அல்ல. வெவ்வேறு உயரத்தில் இருக்கும் ஊர்களை ஒரே வரைபடத்தில் ஒப்பிட வேண்டும் என்பதற்காக, வானிலைத் துறையினர் எல்லா ஊரின் அழுத்தத்தையும் கடல் மட்டத்துக்கு மாற்றி வெளியிடுகிறார்கள். விமான நிலையங்கள் விமானிகளுக்குச் சொல்லும் அழுத்தமும் பெரும்பாலும் அப்படி மாற்றியதே. மழை வருமா என்று பார்க்க அந்த எண் உதவும். ஸ்கூபா கணக்குக்கு உதவாது. பெங்களூருவில் நின்றுகொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பார்த்தால், அது மாற்றப்பட்ட அளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாதாரண நாட்களில் காற்றழுத்தம் சில ஹெக்டோபாஸ்கல்களே மாறும். 5 ஹெக்டோபாஸ்கல் என்பது 5 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். பெங்களூருவின் உயரத்தால் ஏற்படும் வித்தியாசமோ ஒரு மீட்டர் தண்ணீருக்குச் சமம்.

இரண்டாம் படி: தண்ணீரின் பங்கு, அதோடு அந்த மீட்டர் யார் சொன்ன மீட்டர் என்பது

ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை சுமார் 1025 கிலோ. 10 மீட்டர் உயரக் கடல் நீர் தரும் அழுத்தம் 1025 × 9.8 × 10 = 1,00,450 பாஸ்கல். ஒரு லட்சம் பாஸ்கல் ஒரு பார் என்பதால் இது 1.0045 பார். எனவே கடலுக்குத் தண்ணீர் எண் 0.1 என்று வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

நல்ல தண்ணீரில் உப்பு இல்லாததால் எடை குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் சுமார் 997 கிலோ. 10 மீட்டருக்கு 0.977 பார் வருகிறது. குளம், ஏரி, அணை எல்லாவற்றுக்கும் தண்ணீர் எண்ணை 0.098 என்று எடுத்துக்கொள்ளலாம்.

பல வழிகாட்டிகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. கடல் என்றால் ஒரு எண், ஏரி என்றால் வேறு எண். ஆனால் கையில் இருக்கும் மீட்டர் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் இந்தத் திருத்தத்தைப் போடக் கூடாது.

அளவு நாடாவையோ முடிச்சுப் போட்ட கயிற்றையோ இறக்கி அளந்த ஆழம் உண்மையான நீளம். அதற்கு நல்ல தண்ணீர் எண்ணைப் போடுவது சரி. டைவ் கம்ப்யூட்டர் காட்டும் ஆழம் அப்படிப்பட்டது அல்ல. அதற்குள் அளவு நாடா எதுவும் இல்லை. இருப்பது அழுத்த உணரி மட்டுமே. அழுத்தத்தை அளந்து, அதை மீட்டராக மாற்றிக் காட்டுகிறது. பல கம்ப்யூட்டர்கள் பின்பற்றும் ஐரோப்பிய நியமம் EN 13319. அதன்படி 1 பார் தண்ணீர் அழுத்தத்தை 10 மீட்டர் என்று காட்ட வேண்டும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். நாடா அளவில் 20 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் தண்ணீரின் பங்கு 1.96 பார். இந்த நியமத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் 19.6 மீட்டர் என்று காட்டும். நீளத்தைப் பொறுத்தவரை அது பிழை. அழுத்தத்தைப் பொறுத்தவரை மிகச் சரி. அந்த 19.6-ஐப் பத்தால் வகுத்தால் 1.96 பார் நேராகக் கிடைக்கிறது. நல்ல தண்ணீர் ஆயிற்றே என்று அதை மறுபடியும் 0.098-ஆல் பெருக்கினால் 1.92 ஆகிவிடும். ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்துவிட்டது.

கம்ப்யூட்டரின் அமைப்பில் `Salt`, `Fresh`, `EN13319` என்ற தேர்வுகள் இருந்தால், எது இயங்குகிறது என்று தண்ணீரில் இறங்கும் முன்பே பாருங்கள். `EN13319` அல்லது `Salt` என்றால் காட்டும் ஆழத்தை எந்தத் தண்ணீரிலும் 0.1-ஆல் பெருக்குங்கள். `Fresh` என்றால் 0.098-ஆல் பெருக்குங்கள். தண்ணீர் எண் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. நீங்கள் இறங்கிய தண்ணீரைப் பொறுத்தது அல்ல.

மூன்றாம் படி: கூட்டுவது

ஒரே 18 மீட்டரை இரண்டு இடங்களில் போட்டுப் பார்ப்போம். இரண்டிலும் ஆழம் நாடாவால் அளந்தது என்று வைத்துக்கொள்வோம்.

புதுச்சேரிக் கடலில் காற்றின் பங்கு 1.01, தண்ணீரின் பங்கு 18 × 0.1 = 1.80. மொத்தம் 2.81 பார்.

பெங்களூரு உயரத்தில் இருக்கும் ஒரு நல்ல தண்ணீர் நிலையில் காற்றின் பங்கு 0.91, தண்ணீரின் பங்கு 18 × 0.098 = 1.76. மொத்தம் 2.67 பார்.

வகுப்பில் சொன்ன பத்தால் வகுக்கும் கணக்கு இரண்டுக்குமே 2.8 என்றுதான் சொல்லும். கடலில் அது பிசகவில்லை. பெங்களூரு உயரத்தில் 0.13 பார் கூடுதலாகச் சொல்கிறது. ஆழமான இடத்தில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆழம் குறையக் குறைய அதன் விகிதம் பெரிதாகும், ஏனென்றால் அங்கே மொத்தத்தில் பெரும்பங்கு காற்றுடையது. மூன்று மீட்டர் குளத்தில் வகுப்புக் கணக்கு 1.30 என்கிறது, உண்மையில் 1.20. ஏழு சதவீதத்துக்கும் மேல் பிழை. பெங்களூருக்காரர்கள் அளவு எடுப்பதோ இந்தக் குளத்தில்தான்.

குளத்தில் அளந்து கடலில் பயன்படுத்துவது: ஒரு முழுக் கணக்கு

மொத்த அழுத்தம் தெரிந்து என்ன பயன் என்றால், முதலில் காற்றுச் செலவு. ரெகுலேட்டர் சுற்றியுள்ள மொத்த அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. நுரையீரலின் கொள்ளளவு மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரில் இருந்து போகும் காற்று மொத்த அழுத்தத்தின் விகிதத்தில் ஏறும்.

பெங்களூருக் குளத்தில் 11 லிட்டர் சிலிண்டருடன் 20 நிமிடம் நிதானமாக நீந்தியதாக எடுத்துக்கொள்வோம். `EN13319` அமைப்பில் கம்ப்யூட்டர் காட்டிய சராசரி ஆழம் 3 மீட்டர். சிலிண்டரில் குறைந்தது 45 பார்.

செலவான காற்று 45 × 11 = 495 லிட்டர். இது 1 பார் அழுத்தத்தில் அளக்கும் லிட்டர். நிமிடத்துக்கு 24.75. அந்த ஆழத்தின் மொத்த அழுத்தம் 0.91 + 0.30 = 1.21 பார். 24.75-ஐ 1.21-ஆல் வகுத்தால் 20.5. 1 பார் அழுத்தத்தில் உங்கள் மூச்சு நிமிடத்துக்கு 20.5 லிட்டர்.

இதைப் புதுச்சேரியில் 18 மீட்டருக்குக் கொண்டு போவோம். 20.5 × 2.81 = 57.6 லிட்டர், ஒவ்வொரு நிமிடத்துக்கும். அதே சிலிண்டரில் 200 பாரில் தொடங்கி 50 பாரைக் கையிருப்பாக வைத்தால் செலவழிக்கக் கூடியது 150 × 11 = 1650 லிட்டர். 57.6-ஆல் வகுத்தால் 28 நிமிடத்துக்குச் சற்று மேலே. இறங்கும் ஏறும் நேரத்துக்கான காற்றையும் இதற்குள்தான் பார்க்க வேண்டும். குளத்தைவிடக் கடலில் அலையும் நீரோட்டமும் மூச்சைக் கூட்டும் என்பதால், இதையும் மேல் வரம்பாகவே கொள்ளுங்கள்.

இதே கணக்கில் பிழைகள் எப்படி நுழைகின்றன என்று பாருங்கள். குளத்துக்கு 0.91-க்குப் பதில் 1 போட்டால் மொத்தம் 1.30 ஆகும், மூச்சு அளவு 19 என்று வரும். கடலில் 31 நிமிடம் கிடைக்கும் என்று தாள் சொல்லும். கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் இல்லாத காற்றை நம்பி இறங்குகிறீர்கள். இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் 19-உம் 20.5-உம் இரண்டுமே நம்பும்படியான எண்கள்.

இன்னொன்று உயிருக்கு ஆபத்தானது. குளத்தில் 1-ஐக் கூட்டி 19 என்று எடுத்துவிட்டு, கடல் கணக்கில் காற்றை மறந்து 1.8-ஆல் பெருக்குவது. 19 × 1.8 = 34.2 லிட்டர், 48 நிமிடம் என்று விடை வரும். உண்மையில் 28-ஐத் தாண்டியதும் கையிருப்பைக் கரைக்கத் தொடங்குவீர்கள். 18 மீட்டரில் 48 நிமிடம் என்று யாராவது திட்டம் போட்டுக் காட்டினால், காற்றின் பங்கு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு இடத்திலும் காற்றை மறந்தால் பிழை தானாக வெளிப்படும். 24.75-ஐ 0.30-ஆல் வகுத்தால் 82 லிட்டர் என்று வரும். நிதானமாக நீந்துபவர் நிமிடத்துக்கு 82 லிட்டர் மூச்சு விடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு 15-இல் இருந்து 25-க்குள் வரும். இந்த வரம்பை விட்டு வெகுதூரம் போன விடையைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

அளவு எடுப்பதில் ஒரு நுட்பம். வெயிலில் கிடந்த சிலிண்டர் 40 டிகிரியில் 200 பார் காட்டினால், 27 டிகிரித் தண்ணீரில் ஆறியதும் யாரும் மூச்சு விடாமலே 192-ஐ ஒட்டி இறங்கிவிடும். கரையில் பார்த்த எண்ணைத் தொடக்கமாக எடுத்தால் அந்த 8 பாரும் உங்கள் மூச்சுக் கணக்கில் ஏறிவிடும். தண்ணீரில் இறங்கி ஐந்து நிமிடம் கழித்துத் தொடக்க அளவை எடுங்கள். நேரத்தையும் அப்போதிருந்தே எண்ணுங்கள். முள் வைத்த அழுத்தமானியில் ஐந்து பாருக்குக் கீழே நுணுக்கமாகப் படிக்க முடியாது என்பதால், பத்து நிமிட அளவைவிட இருபது நிமிட அளவே நம்பகமானது.

சிலிண்டரின் அழுத்தமானி காலியான சிலிண்டருக்குப் பூஜ்யம் காட்டும். உண்மையில் அதற்குள் வெளிக்காற்றின் அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. மானி அதை எண்ணுவதில்லை. செலவுக் கணக்கில் தொடக்கத்தில் இருந்து முடிவைக் கழிப்பதால் அந்த வேறுபாடு தானாக அடிபட்டுப் போகும். எனவே சிலிண்டர் எண்ணில் எதையும் கூட்ட வேண்டாம். காற்றின் பங்கைக் கூட்டுவது ஆழத்துக்கு மட்டுமே.

திரும்பிப் போகும் கணக்கு: பாரில் இருந்து மீட்டருக்கு

ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் காற்றுக்கு எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று பார்க்கும்போது கணக்கு தலைகீழாகப் போகிறது. இப்போது காற்றின் பங்கை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் எண்ணால் வகுக்க வேண்டும்.

32 சதவீத ஆக்சிஜன், ஆக்சிஜனின் பகுதி அழுத்த வரம்பு 1.4 பார் என்று கொள்வோம். 1.4 ÷ 0.32 = 4.375 பார் மொத்த அழுத்தம். கடல் மட்டத்தில் 1.01-ஐக் கழித்தால் 3.365. 0.1-ஆல் வகுத்தால் 33.6 மீட்டர். எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கி 33 என்று சிலிண்டரில் எழுதுங்கள்.

கழிக்க மறந்தால் 43.7 மீட்டர் வரும். அந்த ஆழத்தின் உண்மையான மொத்த அழுத்தம் 5.38 பார், ஆக்சிஜனின் பங்கு 1.72 பார். அவசரத்துக்கான உச்ச வரம்பான 1.6-ஐயும் தாண்டிவிட்டது. தண்ணீருக்குள் எச்சரிக்கை இல்லாமல் வலிப்பு வரக்கூடிய நிலை இது. கிடைத்த ஆழத்தை வைத்து மறுபடி முன்னோக்கிக் கணக்குப் போட்டு 1.4 வருகிறதா என்று பார்த்தால் பிழை உடனே பிடிபடும். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது.

பெங்களூரு உயரத்தில் அழுத்தம் குறைவு, விகிதம் கூடுதல்

முன்னே போட்ட 18 மீட்டர் கணக்கில் பெங்களூரு உயரத்துக்கு 2.67 பார் வந்தது, கடலுக்கு 2.81. மொத்த அழுத்தம் குறைவு என்பதால் பெங்களூரு உயரத்தில் இறங்குவது பாதுகாப்பானது என்று தோன்றும். காற்றுச் செலவைப் பொறுத்தவரை அது கொஞ்சம் மிச்சம்தான். உடலில் கரையும் நைட்ரஜனைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது.

மேலே வரும்போது குமிழி உண்டாவது, கீழே இருந்த அழுத்தத்துக்கும் மேற்பரப்பின் அழுத்தத்துக்கும் இடையே உள்ள விகிதத்தைப் பொறுத்தது. புதுச்சேரியில் 2.81 ÷ 1.01 = 2.78. பெங்களூரு உயரத்தில் 2.67 ÷ 0.91 = 2.93. அதாவது அந்த 18 மீட்டர், கடலில் கிட்டத்தட்ட 19.6 மீட்டருக்குப் போய்வந்ததற்குச் சமம். கடல் மட்டத்துக்குப் போட்ட டைவ் அட்டவணையில் 18 மீட்டர் வரிசையைப் பார்த்தால் அனுமதி நேரம் தவறாகக் கூடுதலாக வரும். நல்ல தண்ணீர் தரும் சிறு சலுகையையும் விட்டுவிட்டு 18 × 1.01 ÷ 0.91 = 20 மீட்டர் என்று எடுப்பதே பாதுகாப்பு. ஏறும் வேகமும் நிறுத்தங்களின் ஆழமும்கூட இதோடு மாறும் என்பதால், 300 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கும் எந்த நீர்நிலையிலும் உயர்நில டைவிங்குக்கான அட்டவணையோடும் பயிற்சியோடும்தான் இறங்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. காற்றுச் செலவுக்கும் ஆக்சிஜன் வரம்புக்கும் மொத்த அழுத்தத்தை அப்படியே பாரில் பயன்படுத்துங்கள். குமிழி, நுரையீரல் விரிவு, மிதவை உடுப்பில் இருக்கும் காற்று ஆகியவற்றுக்கு மேற்பரப்பு அழுத்தத்தால் வகுத்த விகிதத்தைப் பயன்படுத்துங்கள். கடல் மட்டத்தில் மேற்பரப்பு 1 என்பதால் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். அதனால்தான் இந்த வேறுபாடு வகுப்பில் பேசப்படுவதே இல்லை.

புதிய கம்ப்யூட்டர்களில் பல, தண்ணீரில் இறங்கும் முன்பே மேற்பரப்பு அழுத்தத்தைத் தாமே அளந்துகொள்கின்றன. சிலவற்றில் உயரத்தைக் கையால் அமைக்க வேண்டும். கையேட்டைப் பார்த்து உங்களுடையது எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தானாக அளக்கும் வகை என்றால், தண்ணீருக்குள் போகும் முன் கரையிலேயே அதை இயக்கிவிடுவது நல்லது.

கடலில் இறங்கிவிட்டு ஊர் திரும்பும்போதும் இதே காற்றின் பங்குதான் கேள்வி. 1.01 பாரில் இருந்த உடல் 0.91 பாருக்கு ஏறுகிறது. டைவிங்குக்குப் பிறகு பறப்பது பற்றி, டைவிங் பாதுகாப்புக்காக இயங்கும் DAN அமைப்பு தரும் பரிந்துரை 2000 அடியில் இருந்து 8000 அடி வரையிலான உயரத்துக்கானது. பெங்களூரு 3000 அடி. நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாலையில் போனாலும் உடலுக்கு உயரம் உயரம்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறங்கிவிட்டு ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கடைசி டைவை முடித்தவர், திங்கள் காலை ஏழு மணிக்கு முன் ஓசூர் உயரத்தை எட்டக் கூடாது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக வரும் இரவுப் பேருந்து பல நேரம் அதற்கு முன்பே ஓசூர் மேட்டில் ஏறிவிடும். எனவே கடைசி டைவை ஞாயிறு காலையிலேயே முடியுங்கள், அல்லது திங்கள் பகலில் கிளம்புங்கள். அந்தமானில் இருந்து விமானத்தில் திரும்புபவர்களுக்கு இறக்கம் இன்னும் பெரிது: விமான அறைக்குள் அழுத்தம் 0.75 பார் வரை குறையலாம்.